வேலையைப் பாதியில் நிறுத்திய கான்ட்ராக்டர்: ரத்து செய்வதற்கு முன் அனுப்ப வேண்டிய நோட்டீஸ்

கேள்வி: பாலக்கோடு அருகே எங்கள் மனையில் 1,200 சதுர அடி வீடு கட்ட, காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்த ஒரு கான்ட்ராக்டரோடு 2025 பிப்ரவரி 12-ஆம் தேதி அக்ரிமென்ட் போட்டேன். சதுர அடிக்கு 2,200 ரூபாய் வீதம் மொத்தம் 26,40,000 ரூபாய். ஒன்பது மாதத்தில் முடித்துத் தர வேண்டும். மேல்தளம் போட்டது வரை தவணைப்படி 18,48,000 கொடுத்துவிட்டேன். பிறகு ஆள் கூலிக்கென்று கேட்டதால் ஒரு லட்சம் ஜிபேயில் அனுப்பினேன். செப்டம்பரோடு வேலை நின்றுவிட்டது. நவம்பரில், “பொங்கலுக்குள்ளாவது முடித்துக் கொடுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். பொங்கலும் போய்விட்டது. எம்-சாண்ட் விலை ஏறிவிட்டது, ஆள் கிடைக்கவில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக்கியதற்கு 45,000 வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். அடுத்த வாரம் வேறு மேஸ்திரியை வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டு, “உங்கள் ஒப்பந்தம் ரத்து” என்று இவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பிவிடலாமா? அக்ரிமென்ட் நகலை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, பாலக்கோடு

பதில்:

அடுத்த வாரம் வேறு மேஸ்திரியை மனைக்குள் இறக்க வேண்டாம். ரத்து நோட்டீஸையும் இப்போது அனுப்ப வேண்டாம். ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு வரக்கூடியதுதான். ஆனால் உங்கள் அக்ரிமென்ட்டின் 15-ஆவது பிரிவு அந்த உரிமைக்கு முன்னால் ஒரு படியை வைத்திருக்கிறது. ஒப்பந்ததாரர் தம் கடமையில் தவறினால், அந்தத் தவறைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அவருக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் அவர் சரிசெய்யாவிட்டால்தான் உரிமையாளர் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மீதி வேலையை வேறு ஆளைக் கொண்டு முடித்து, கூடுதலாகும் செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்பது அந்தப் பிரிவு. இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக ரத்து செய்தால், “நான் வேலை செய்யத் தயாராக இருந்தேன், ஒப்பந்தம் தந்த அவகாசத்தைக்கூடக் கொடுக்காமல் என்னை வெளியேற்றினார்கள்” என்று அவர் சொல்ல நீங்களே வழி திறந்துவிடுவீர்கள். ஒப்பந்தத்தை மீறியவர் அவர் என்ற நிலை மாறி, மீறியவர் நீங்கள் என்ற வாதத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

கெடு தேதி எப்போதோ கடந்துவிட்டதே, அதுவே போதாதா என்று நீங்கள் நினைப்பது இயல்பு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. குறித்த காலத்தில் முடிப்பதே ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இரு தரப்பும் கருதியிருந்தால், கெடு தவறியவுடன் மற்றவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அப்படிக் கருதவில்லை என்றால், தாமதத்துக்கு இழப்பீடு கேட்கலாமே தவிர, தாமதத்தை மட்டும் காட்டி ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. கட்டுமான ஒப்பந்தங்களில் தேதி எழுதியிருப்பதால் மட்டுமே அது உயிர்நாடி ஆகிவிடாது. மகாராஷ்டிர அரசுக்கும் ஒரு கட்டுமான நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1979-இல் இதைத் தெளிவாக்கியது. கால நீட்டிப்புக்கும் தாமதத்துக்கு அபராதம் பிடிக்கவும் ஒப்பந்தத்திலேயே இடம் இருக்குமானால், தாமதம் வரலாம் என்று இரு தரப்பும் முன்பே எதிர்பார்த்திருக்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். அந்த நிலையில் ரத்து செய்ய விரும்புகிறவர் முதலில் நியாயமான ஒரு புதிய கெடுவை நோட்டீஸில் குறித்து, அதற்குள் முடித்தாக வேண்டும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் செய்யாததால் அந்த வழக்கில் அரசு செய்த ரத்தே தவறு என்று முடிந்தது. உங்கள் அக்ரிமென்ட்டின் 12-ஆவது பிரிவில் இரண்டும் இருக்கின்றன: உரிமையாளர் சம்மதித்தால் காலத்தை நீட்டிக்கலாம், நீட்டிக்காத தாமதத்துக்கு வாரம் 3,000 ரூபாய் பிடிக்கலாம்.

இதோடு உங்கள் வாட்ஸ்அப் செய்தியும் சேர்கிறது. நவம்பர் 11-ஆம் தேதியோடு கெடு முடிந்த பிறகு, பொங்கலுக்குள் முடித்துக் கொடுங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெருந்தன்மையோடு எழுதிய வரி அது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி, நிறைவேற்றுவதற்கான காலத்தை நீங்கள் நீட்டித்ததாக அதைப் படிக்க முடியும். பழைய கெடு இப்போது உங்கள் கையில் இல்லை என்றே வைத்துக்கொண்டு நடப்பது பாதுகாப்பானது. இழந்ததை மீட்டுத் தருவது நோட்டீஸ்தான். தளர்ந்துபோன காலத்தை அது மறுபடி இறுக்கிக் கட்டுகிறது, 15-ஆவது பிரிவு கேட்கும் அவகாசத்தையும் அதுவே கொடுக்கிறது. ஒரே கடிதம் இரண்டு வேலையையும் செய்யும்படி எழுதப்பட வேண்டும். அவசரத்தில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 21 நாள் என்பதை மட்டும் போட்டுவிட்டு, இனிமேல் இந்தத் தேதி கண்டிப்பானது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எழுதுவதற்கு முன் உங்கள் பக்கத்துக் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் முதலில் செய்ய வேண்டியதைச் செய்யாமல், அதற்குப் பின் மற்றவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று குறை சொல்ல முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. கான்ட்ராக்டரின் 45,000 ரூபாய்ப் பேச்சு இந்த இடத்துக்குத்தான் குறி வைக்கிறது. நீங்கள் பணம் பாக்கி வைத்ததால்தான் வேலை நின்றது என்று பின்னால் சொல்வார். 9-ஆவது பிரிவின்படி கூடுதல் வேலைக்கு முன்கூட்டியே எழுத்தில் விலை பேசியிருக்க வேண்டும். தொட்டிக்கு அப்படி எதுவும் எழுதவில்லை. எனினும் அந்தச் சண்டையில் நீங்கள் ஜெயித்தே ஆக வேண்டிய தேவை இல்லை. 8-ஆவது பிரிவின் தவணைப்படி தளம் வரை 70 சதவீதம், அதாவது 18,48,000 ரூபாய், முழுவதும் போய்விட்டது. அடுத்த 20 சதவீதம் பூச்சு முடிந்த பிறகுதான் தர வேண்டும். பூச்சு தொடங்கவே இல்லை. ஆனாலும் ஒரு லட்சம் முன்னதாகவே கொடுத்திருக்கிறீர்கள். தொட்டிக்கு அவர் கேட்கும் 45,000-ஐ முழுமையாக ஒத்துக்கொண்டாலும் 55,000 ரூபாய் உங்கள் பணம் அவரிடம் கூடுதலாக இருக்கிறது. இந்தக் கணக்கு நோட்டீஸில் இடம்பெற வேண்டும். பணம் தராததால் வேலை நின்றது என்ற வாதம் எழும்பும் முன்பே அதற்குப் பதில் அங்கே இருக்கும்.

மனைக்குத் தண்ணீரும் தற்காலிக மின் இணைப்பும் உரிமையாளர் தர வேண்டும் என்று 7-ஆவது பிரிவில் இருப்பதையும் பார்த்தேன். அவை தடையில்லாமல் இருந்தனவா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நடுவில் நின்றிருந்தால் அந்த நாட்களை ஒத்துக்கொண்டு எழுதுங்கள். மறைத்தால், நோட்டீஸின் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அடுத்தது, 21 நாளில் எதைச் செய்யச் சொல்வது என்ற கேள்வி. நோட்டீஸின் பலம் பெரும்பாலும் இதில்தான் நிற்கிறது. தளம் போட்ட நிலையில் நிற்கிற வீட்டை 21 நாளில் முழுவதும் முடித்துத் தா என்று எழுதினால், யாராலும் செய்ய முடியாததைக் கேட்டதாக ஆகிவிடும். பெயருக்கு அவகாசம் கொடுத்துவிட்டு ரத்து செய்யக் காத்திருந்தீர்கள் என்று அவர் தரப்பு வாதாடும். மாறாக, “உடனே வேலையைத் தொடங்கவும்” என்று மட்டும் எழுதினால், இரண்டு சித்தாள்களை அனுப்பி ஒரு நாள் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, தொடங்கிவிட்டேனே என்பார். ஆகவே, செய்யக் கூடியதாகவும் அளந்து பார்க்கக் கூடியதாகவும் உள்ள வேலையைக் குறிப்பிடுங்கள். சுவரில் மின் குழாய் பதித்து, ஹாலிலும் இரண்டு படுக்கை அறைகளிலும் உட்பூச்சை முடிப்பது மூன்று வாரத்தில் நான்கு கொத்தனார்களும் அவர்களுக்குரிய சித்தாள்களும் இருந்தால் நடக்கக் கூடியதே. இருந்தாலும், என் சொல்லை வைத்து எழுதாமல், மனையைப் பார்த்த ஒரு சிவில் என்ஜினியரிடம் கேட்டு அவர் சொல்லும் அளவையே எழுதுங்கள். அவருடைய அறிக்கையை இப்போதே வாங்கிவிட்டால் இன்னொரு பயனும் உண்டு: வேலை எந்த நிலையில் நின்றது, செய்த வேலையின் மதிப்பு என்ன, தளத்தில் ஒழுக்கு அல்லது விரிசல் உண்டா என்பது தேதியோடும் படங்களோடும் பதிவாகிவிடும்.

நோட்டீஸை நீங்களே எழுதிக் கையெழுத்திடலாம். வழக்கறிஞர் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்று உங்கள் அக்ரிமென்ட் சொல்லவில்லை. அனுப்புபவராக அக்ரிமென்ட்டில் கையெழுத்திட்ட உங்கள் பெயரும், பெறுபவராக கான்ட்ராக்டரின் சொந்தப் பெயரும், அவர் நடத்தும் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் பெயரும், அக்ரிமென்ட்டில் உள்ள அதே முகவரியும் வர வேண்டும். உடல் பகுதி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

“பொருள்: 12.02.2025 தேதியிட்ட கட்டுமான ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவின் கீழ், ஒப்பந்த மீறலைச் சுட்டிக்காட்டி, 21 நாட்களுக்குள் சரிசெய்யக் கோரும் அறிவிப்பு.

மேற்படி ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவின்படி 11.11.2025-க்குள் தாங்கள் கட்டடத்தை முடித்து ஒப்படைத்திருக்க வேண்டும். மேல்தளம் போடப்பட்ட பிறகு, 2025 செப்டம்பர் மாதத்திலிருந்து மனையில் எந்த வேலையும் நடைபெறவில்லை. தங்கள் வேண்டுகோள்களை முன்னிட்டு பொங்கல் வரை நான் பொறுத்திருந்தும் தாங்கள் வேலையைத் தொடரவில்லை. இவை ஒப்பந்தத்தின் 4 மற்றும் 6-ஆவது பிரிவுகளை மீறிய செயல்களாகும். கட்டுமானப் பொருட்களின் விலையேற்றத்தைத் தாங்களே ஏற்க வேண்டும் என்று 5-ஆவது பிரிவு கூறுவதால், எம்-சாண்ட் விலையைக் காரணமாகச் சொல்வது ஏற்கத்தக்கதல்ல.

8-ஆவது பிரிவின்படி இதுவரை செலுத்த வேண்டிய 18,48,000 ரூபாயை முழுமையாகச் செலுத்தியதோடு, பூச்சு வேலைக்காக ஒரு லட்சம் ரூபாயை முன்கூட்டியே செலுத்தியுள்ளேன். தண்ணீர்த் தொட்டிக்காகத் தாங்கள் கோரும் 45,000 ரூபாய்க்கு 9-ஆவது பிரிவின்படி எழுத்து மூலமான ஒப்புதல் இல்லை. அத்தொகை உரியது என்று வைத்துக்கொண்டாலும், அதற்கு மேற்பட்ட தொகை ஏற்கெனவே தங்களிடம் உள்ளது. என் தரப்பில் செலுத்த வேண்டிய நிலுவை எதுவும் இல்லை.

ஆகவே, இந்த அறிவிப்பு கிடைத்த 7 நாட்களுக்குள் வேலையை மீண்டும் தொடங்கி, 21 நாட்களுக்குள் சுவர்களில் மின் குழாய் பதித்தலையும், ஹாலிலும் இரண்டு படுக்கை அறைகளிலும் உட்பூச்சையும் முடிக்குமாறும், எஞ்சிய வேலைகள் அனைத்தையும் 30.04.2026-க்குள் முடிப்பதற்கான வாரவாரியான வேலைத் திட்டத்தை அதே 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் அளிக்குமாறும் கோருகிறேன். மேற்குறித்த காலக்கெடுக்கள் இனி இந்த ஒப்பந்தத்தின் இன்றியமையாத நிபந்தனைகளாகும்.

மேற்படி 21 நாட்களுக்குள் தவறு சரிசெய்யப்படாவிட்டால், 15-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யவும், எஞ்சிய வேலையை வேறு நபரைக் கொண்டு முடித்துக் கூடுதல் செலவைத் தங்களிடமிருந்து பெறவும் எனக்குள்ள உரிமையைப் பயன்படுத்துவேன். தாங்கள் வேலையைத் தொடர்ந்தாலும், நான் அதை ஏற்றுக்கொண்டாலும், இதுவரை ஏற்பட்ட தாமதத்துக்கான இழப்பீட்டைக் கோரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். தாமதமாகச் செய்யப்பட்ட வேலையை ஏற்றுக்கொள்கிறவர், ஏற்றுக்கொள்ளும்போதே இழப்பீடு கேட்கப் போவதாக அறிவிக்காவிட்டால், பிறகு அந்தத் தாமதத்துக்காக இழப்பீடு கேட்க முடியாது என்று 55-ஆவது பிரிவே சொல்கிறது. கான்ட்ராக்டர் நோட்டீஸைப் பார்த்து நல்லபடியாக வேலையை முடித்துக் கொடுத்துவிட்டால் உங்களைக் காக்கப் போவது இந்த ஒரு வரிதான். வீட்டை ஒப்புக்கொள்ளும் நாளில் இதையே இன்னொரு முறை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

“ஒப்பந்தம் இத்துடன் ரத்து” என்ற சொற்றொடர் இந்தக் கடிதத்தில் எங்கும் வரக் கூடாது. அவகாசமும் கொடுத்து, ரத்தும் செய்து அனுப்பிய கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். “21 நாளில் சரிசெய்யாவிட்டால் இந்தக் கடிதமே ரத்து அறிவிப்பாகக் கொள்ளப்படும்” என்பார்கள். தபால் செலவு ஒன்று மிச்சமாவதைத் தவிர அதில் நன்மை எதுவும் இல்லை. அவகாச நாட்களில் அவர் பாதி வேலை செய்திருந்தால் ரத்து நடந்ததா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமல் போகும். ரத்து தனிக் கடிதமாக, அந்த 21 நாளில் என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். “மோசடிக்காரர்”, “ஏமாற்றுக்காரர்” போன்ற சொற்களும் வேண்டாம். ஒப்பந்தத்தை நிறைவேற்றாதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது குற்றம். தளம் வரை கட்டிக் கொடுத்தவர் மீது அதைக் காட்டுவது கடினம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்துப் பேசி முடிக்கலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லக்கூடும். அதில் மாதங்கள் கழியும், நோட்டீஸ் போகாமல் நிற்கும்.

அனுப்பும் முறைக்கு வருவோம். 18-ஆவது பிரிவு பதிவுத் தபால் என்கிறது. பதிவுத் தபால் சேவை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே அஞ்சலகத்தில் விரைவுத் தபாலில் பதிவு வசதியையும், பெற்றுக்கொண்டதற்கான சான்றையும் சேர்த்துக் கேட்டு அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தி, டெலிவரி ஆன விவரத்தை இணையத்தில் பார்த்து அச்செடுத்து வையுங்கள். அதே கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். ஆனால் அது தபாலுக்குக் கூடுதலாக மட்டுமே இருக்கட்டும். உறை “வாங்க மறுத்தார்” என்று திரும்பி வந்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். சரியான முகவரிக்கு உரிய முறையில் அனுப்பியதை வாங்க மறுத்தவர், தமக்கு அறிவிப்பே வரவில்லை என்று சாதிப்பது கடினம். “வீடு பூட்டியிருந்தது” என்று வந்தால் அந்த அளவுக்கு நிம்மதி கொள்ளாமல், அவர் இப்போது வேலை நடத்தும் இடத்துக்கோ அலுவலகத்துக்கோ இன்னொரு பிரதி அனுப்புங்கள்.

அவகாச நாட்களை எண்ணுவதிலும் கவனம் தேவை. உங்கள் பிரிவு, அனுப்பிய நாளிலிருந்து என்று சொல்லாமல், கிடைத்த நாளிலிருந்து என்கிறது. பிப்ரவரி 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்திட்டு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 21-ஆவது நாள் பிப்ரவரி 27. அன்று நள்ளிரவு வரை நேரம் அவருடையது. ரத்துக் கடிதத்தை 28-ஆம் தேதியே அனுப்ப முடியும் என்றாலும், மார்ச் 2 திங்கட்கிழமை அனுப்புங்கள். ஒரு நாள் முந்தியதற்காக முழு முயற்சியும் வீணாவதைவிட, மூன்று நாள் பிந்துவது எந்த நஷ்டமும் தராது.

இந்த 21 நாளும் மனையின் கதவு அவருக்குத் திறந்திருக்க வேண்டும். அவர் போட்டு வைத்திருக்கும் சென்ட்ரிங் பலகை, ஜாக்கி, கலவை மெஷின் ஆகியவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு பேசாதீர்கள். சாமான் என்னிடம் இல்லாததால் வேலை செய்ய முடியவில்லை என்பதற்கு நீங்களே காரணம் கொடுத்ததாகும். வேறு மேஸ்திரி மனைக்கு வந்து அளவெடுப்பதுகூட இந்த நாட்களில் வேண்டாம். மதிப்பீடு வேண்டுமானால் என்ஜினியரின் அறிக்கையை வைத்துக் கேளுங்கள். தினமும் ஒரே இடத்தில் நின்று வீட்டைப் படமெடுத்து, யார் வந்தார்கள், என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள். அவர் ஓரளவு ஆட்களை அனுப்பி நான்கு நாள் பூசிவிட்டு மறுபடி நின்றுபோனால், சும்மா இருந்துவிடாமல், “நோட்டீஸில் குறித்த வேலையில் இவ்வளவுதான் நடந்திருக்கிறது, தவறு சரிசெய்யப்படவில்லை, 27-ஆம் தேதி வரையிலான கெடு மாறவில்லை” என்று அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நடுவில் ஆள் கூலிக்கு இன்னும் ஐம்பதாயிரம் கேட்பார். தவணை வராத வேலைக்குக் கொடுக்க வேண்டாம். “சரி, இன்னும் பத்து நாளில் முடித்தால் போதும்” என்று ஒரு குறுஞ்செய்தியும் போட வேண்டாம். நவம்பரில் நடந்ததே மறுபடி நடந்துவிடும். உண்மையிலேயே கூடுதல் நாள் கொடுக்க விரும்பினால், எந்த வேலைக்கு எந்தத் தேதி வரை என்று எழுதி, மற்ற உரிமைகள் அப்படியே இருக்கின்றன என்ற வரியையும் சேர்த்து அனுப்புங்கள்.

கெடு முடிந்தும் நடக்கவில்லை என்றால் ரத்துக் கடிதம் அதே தபால் முறையில் போக வேண்டும். அதிலேயே ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, செய்த வேலையைச் சேர்ந்து அளக்க வருமாறும், தம் சாமான்களை எடுத்துக்கொள்ளுமாறும் அவரைக் கேளுங்கள். வராவிட்டால் என்ஜினியரும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் அளந்து கையெழுத்திட்டு வையுங்கள். அதன் பிறகுதான் புது மேஸ்திரி உள்ளே வர வேண்டும். அவர் ஒரு கை கலவை பூசிவிட்டால், பழைய வேலை எங்கே நின்றது என்பதைப் பிறகு யாராலும் பிரித்துக் காட்ட முடியாது.

பணக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். புது மேஸ்திரி மீதி வேலைக்கு 9,40,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகை முழுவதையும் பழைய கான்ட்ராக்டரிடம் கேட்க முடியாது. அவரே முடித்திருந்தாலும் நீங்கள் இன்னும் 6,92,000 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும். வித்தியாசமான 2,48,000 ரூபாய்தான் உங்கள் இழப்பு. தொட்டிக்கான 45,000 அவருக்கு உரியது என்று முடிவானால் அது 2,03,000 ஆகக் குறையும். புது வேலை பழைய அக்ரிமென்ட்டில் உள்ள தரத்திலேயே இருக்க வேண்டும். சாதாரண டைல்ஸ் எழுதியிருந்த இடத்தில் கிரானைட் போட்டுவிட்டு வித்தியாசம் கேட்டால் அந்தப் பகுதி நிற்காது. இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்கி வைத்திருந்தால், இழப்பைக் கட்டுக்குள் வைக்க நீங்கள் முயன்றதும் தெரியும். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு அதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தாமதத்துக்கான வாரம் 3,000 ரூபாயைப் பொங்கலிலிருந்து ரத்து வரை எண்ணினால் ஆறு வாரத்துக்கு 18,000 ஆகும். நவம்பர் 11 முதல் பொங்கல் வரையிலான ஒன்பது வாரத்தையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உங்கள் வாட்ஸ்அப் செய்தியை அவர் அங்கே எடுத்துக் காட்டுவார். 74-ஆவது பிரிவின்படி, எழுதி வைத்த தொகை மேல்வரம்புதான். அதற்குள் நியாயமானது எதுவோ அதுவே கிடைக்கும். அதே வாரங்களுக்கு வீட்டு வாடகையையும் சேர்த்து இரண்டு முறை கேட்க முடியாது.

அவர் கொடுக்க மறுத்தால் எங்கே போவது என்பதற்கு, உங்கள் அக்ரிமென்ட்டில் நடுவர் தீர்ப்புக்கான பிரிவு இல்லாததால் விடை எளிது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவை என்றே சொல்லப்பட்டிருக்கிறது. 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால் தருமபுரியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். செலுத்திய தொகை 10 முதல் 20 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் 400 ரூபாய். ஜிபே பதிவையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அங்கே காட்டுவதற்கு, 2023-ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவில் சொல்லப்பட்ட சான்றிதழ் தேவைப்படும். ஆகவே அந்தப் போனை மாற்றவோ உரையாடலை அழிக்கவோ வேண்டாம்.

நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், உரிமையியல் நீதிமன்றத்துக்கு மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்பது கால வரம்பு. நோட்டீஸ் அனுப்புவதால் இந்தக் காலம் நீளாது. அவர் பதில் எழுதி இழுத்தடிப்பதாலும் நீளாது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில் தகராறு வரலாம் என்பதால், பழைய கெடுவான 2025 நவம்பர் 11-ஐயே தொடக்கமாகக் கொண்டு, 2027 நவம்பர் 11-க்கு முன்பே நுகர்வோர் வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.